மார்பினும் மலமிளக்கியும்: புற்றுநோய் வலிக்கு வீட்டில் மருந்து

புற்றுநோய் வலி கடுமையாகும்போது பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் ஓர் எல்லைக்கு மேல் உதவுவதில்லை. அளவைக் கூட்டினால் வலி குறைவதற்கு முன்பே கல்லீரலோ சிறுநீரகமோ இரைப்பையோ பாதிக்கப்படும். அந்த எல்லையைத் தாண்டிய வலிக்குத் தரப்படுபவை ஓபியாய்டு வகை மருந்துகள். மார்பின், கோடீன், டிராமடால், ஃபென்டனில், மெத்தடோன் ஆகியவை இந்த வகையில் சேர்ந்தவை. இவற்றில் மார்பினும் கோடீனும் அபினிச் செடியின் காயில் ஊறும் பாலிலிருந்து கிடைப்பவை. மற்றவை ஆய்வுக்கூடத்தில் உருவானவை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச மாநிலங்களில் அரசு உரிமத்துடன் அபினி பயிராகிறது. மருந்துக்கான அபினியை உலகுக்கு விளைவித்துத் தரும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

மூளையிலும் தண்டுவடத்திலும் வலிச் செய்தியைத் தணிக்கும் ஏற்பிகள் இயற்கையாகவே உள்ளன. உடலே சுரக்கும் எண்டார்ஃபின் என்ற பொருள் அவற்றில் பொருந்தி வேலை செய்கிறது. மார்பினும் அதே இடத்தில்தான் பொருந்துகிறது. அது கட்டியைக் கரைப்பதில்லை; எலும்பின் சிதைவை நிறுத்துவதுமில்லை. காயம் பட்ட இடத்திலிருந்து மேலேறும் செய்தியை வழியில் தணித்து, மூளையைச் சென்றடையும் வலியின் வேகத்தைக் குறைக்கிறது. அதே ஏற்பிகள் குடல் சுவரிலும் நிறைந்திருக்கின்றன என்பதுதான் இந்த மருந்தின் இன்னொரு பாதிக் கதை. வலியைத் தணிக்கும் மருந்து குடலையும் தூங்க வைக்கிறது. ஆகவே மார்பின் சிகிச்சை என்பது எப்போதும் இரண்டு மருந்துகளின் சிகிச்சை: ஒன்று வலிக்கு, மற்றொன்று மலத்துக்கு.

கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கும் மருந்து

உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன் சாரம் எளியது. ஊசியாக அல்லாமல் முடிந்தவரை வாய் வழியே கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு அல்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலியின் கடுமைக்கும் ஆளுக்கும் ஏற்ற அளவைத் தேட வேண்டும். 2018-இல் வந்த புதிய வழிகாட்டுதலிலும் இந்த அடிப்படைகள் மாறவில்லை. கடும் வலி உள்ளவருக்கு மென்மையான மருந்துகளில் காலம் கடத்தாமல் தொடக்கத்திலேயே மார்பின் தரலாம் என்பது அதில் தெளிவாக்கப்பட்டது.

கடிகாரம் ஏன் என்பதற்கு மருந்தின் இயல்பே காரணம். உடனே கரையும் சாதாரண மார்பின் மாத்திரை விழுங்கி அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் உச்சத்தை எட்டும். நான்கு மணி நேரத்தில் அதன் பலன் தேய்ந்துவிடும். வலி திரும்பி வரும்வரை காத்திருந்து மாத்திரை கொடுத்தால், அது வேலை செய்யத் தொடங்கும்வரை நோயாளி வலியில் துடிக்க வேண்டும். ஏறிவிட்ட வலியை இறக்கப் பெரிய அளவும் தேவைப்படும். முந்தைய மாத்திரையின் பலன் முடிவதற்குள் அடுத்ததைக் கொடுத்தால் குறைந்த மருந்தே போதும். 'தாங்க முடிந்தவரை தாங்கிவிட்டு அப்புறம் போட்டுக்கொள்கிறேன்' என்று நோயாளி சொல்வது பொறுமையின் அடையாளமாகத் தெரியும். மருந்துக் கணக்கில் அது நட்டம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்க்கலாம். மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிய 58 வயதுப் பெண் ஒருவர். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. டிராமடால் 50 மி.கி. மாத்திரையை நாளுக்கு நான்கு முறையும் அதனுடன் பாராசிட்டமாலும் எடுக்கிறார். அப்படியும் பத்துக்கு எட்டு என்ற அளவில் வலி, இரவில் உறக்கமில்லை. 200 மி.கி. டிராமடால் ஏறத்தாழ 20 முதல் 40 மி.கி. வாய்வழி மார்பினுக்குச் சமம். எனவே மருத்துவர் டிராமடாலை நிறுத்திவிட்டு மார்பினை 5 மி.கி. அளவில் தொடங்குகிறார். பாராசிட்டமால் தொடர்கிறது. காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 ஆகிய நேரங்களில் அரை மாத்திரை, அதாவது 5 மி.கி. இரவு 10 மணிக்கு முழு மாத்திரையாக 10 மி.கி. நள்ளிரவில் எழுப்பாமல் இருப்பதற்காகவே படுக்கும் வேளையில் இரட்டை அளவு. ஆக நாளுக்கு 30 மி.கி.

இந்த நேர மருந்துக்கு இடையில் வலி பீறிட்டால் எடுத்துக்கொள்ள ஓர் அவசர அளவும் எழுதித் தரப்படுகிறது. நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு வழக்கமான கணக்கு. இவருக்கு அது 5 மி.கி. அவசர அளவை எடுத்ததற்காக அடுத்த நேர மருந்தைத் தவிர்க்கக் கூடாது. எடுத்த நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். அடுத்த அளவைத் தீர்மானிப்பது அந்த நோட்டுதான்.

இரண்டு நாள் கழித்து நோட்டைப் பார்க்கும்போது கடைசி 24 மணி நேரத்தில் நான்கு அவசர மாத்திரைகள் எடுத்திருப்பது தெரிகிறது. நேர மருந்து 30 மி.கி., அவசர மருந்து 20 மி.கி., மொத்தம் 50. ஆறு பங்காகப் பிரித்தால் ஒரு வேளைக்கு எட்டு மி.கி.யைச் சற்றுத் தாண்டும். மருத்துவர் கீழ்ப்பக்கமாகச் சரிசெய்து வேளைக்கு 7.5 மி.கி., இரவில் 15 மி.கி. என்று உயர்த்துகிறார். மேலும் இரண்டு நாளில் அவசர மருந்து இரண்டு முறை தேவைப்பட்டிருக்கிறது. 45-உடன் 15 சேர்த்து 60. வேளைக்கு 10 மி.கி., இரவில் 20 மி.கி. என்றாகிறது, அவசர அளவும் 10 ஆகிறது. இப்போது வலி பத்துக்கு இரண்டு. இரவில் உறங்குகிறார். குளிக்க எழும்போது மட்டும் முதுகில் வெட்டி இழுக்கிறது. அதற்காக நாள் முழுவதற்குமான அளவைக் கூட்டத் தேவையில்லை. குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஓர் அவசர அளவு எடுத்தால் போதும்.

அளவு நிலைத்த பிறகு, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாறலாம். இவருக்கு அது காலையில் 30, இரவில் 30 மி.கி. அந்த மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ஒரு பட்டை மூன்று நாள் வேலை செய்யும். ஒட்டிய பின் முழுப் பலன் வர அரை நாள் முதல் ஒரு நாள் ஆகும். மணிக்கு 25 மைக்ரோகிராம் வெளியிடும் பட்டை நாளுக்கு ஏறத்தாழ 60 முதல் 90 மி.கி. வாய்வழி மார்பினுக்கு இணையானது. அதனால் இதற்கு முன் ஓபியாய்டு எடுத்துப் பழகாத உடலில் அதை ஒட்டக் கூடாது. பட்டையின் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் மருந்து வேகமாக உடலுக்குள் போய்விடும்.

அளவு பற்றிய அச்சங்கள்

பத்து மி.கி.யில் அடங்கும் வலி ஒருவருக்கு. முப்பதில் அடங்கும் வலி இன்னொருவருக்கு. மார்பினுக்குப் பாராசிட்டமாலைப் போல எல்லோருக்கும் பொதுவான உச்ச அளவு என்று ஒன்று கிடையாது. வலி தணிந்து, நோயாளி தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கிறாரா என்பதே அளவுகோல். ஒருவருக்கு எழுதிய அளவை வைத்து அவருடைய நோயின் கட்டத்தைக் கணிக்கவும் முடியாது.

'இப்போதே மார்பின் கொடுத்தால் கடைசியில் வலி அதிகமாகும்போது எதுவும் கேட்காது' என்பது வீடுகளில் அடிக்கடி எழும் அச்சம். உடல் மருந்துக்கு ஓரளவு பழகும் என்பது உண்மை. ஆனால் புற்றுநோய் வலியில் அளவு கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நோய் வளர்வதுதான். நோய் மாறாமல் இருக்கும்போது பலர் மாதக்கணக்கில் ஒரே அளவில் இருக்கிறார்கள். வலி கூடினால் அளவைக் கூட்ட இடமும் இருக்கிறது. இன்று பட்டினி போட்டு நாளைக்குச் சேர்த்து வைக்கக்கூடிய மருந்து அல்ல இது.

மூச்சு நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை உண்டு. அளவு மிஞ்சினால் மார்பின் மூச்சை மந்தப்படுத்தும். சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும் முறை இதைத் தடுக்கவே வகுக்கப்பட்டது. மூச்சு மந்தமாவதற்கு முன்பு ஆழ்ந்த மயக்கத் தூக்கம் வரும். அதுவே எச்சரிக்கை மணி. தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாளில் லேசான தூக்கக் கலக்கமும் குமட்டலும் பலருக்கு வரும். குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்து சில நாள் தரப்படும். இரண்டும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் விலகிவிடும். வலியால் பல இரவுகள் உறங்காதவர் முதல் நாளில் நெடுநேரம் உறங்குவதும் இயல்பு. கூப்பிட்டால் விழித்துப் பதில் சொல்கிறார் என்றால் அது ஓய்வு. தட்டி எழுப்பியும் விழிக்கவில்லை என்றால்தான் ஆபத்து.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். மார்பின் கல்லீரலில் உருமாறிச் சிறுநீர் வழியே வெளியேறுகிறது. அப்படி உருமாறிய பொருளுக்கும் மார்பினின் வீரியம் உண்டு. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் வழக்கமான அளவே சில நாளில் மிகையளவாகிவிடும். கை கால் திடீர் திடீரென வெட்டி இழுப்பது, இல்லாதவற்றைப் பார்ப்பதாகச் சொல்வது, கூடிக்கொண்டே போகும் மயக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். வாந்தியாலோ வயிற்றுப்போக்காலோ நீரிழப்பு ஏற்பட்ட நோயாளிக்கும் இது நேரலாம். அப்போது மருத்துவர் அளவைக் குறைப்பார், இடைவெளியை நீட்டுவார், அல்லது ஃபென்டனிலுக்கு மாற்றுவார்.

எல்லா வலிக்கும் மார்பின் முழுமையாகப் பலன் தராது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நரம்பு நசுங்குவதால் வரும் எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் மார்பினால் பாதிதான் அடங்கும். அவற்றுக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை சேர்க்கப்படும். எலும்புக்குப் பரவிய இடத்தில் ஒரே ஒரு முறை தரும் கதிர்வீச்சுச் சிகிச்சைகூடப் பலருக்கு வலியைக் கணிசமாகக் குறைக்கிறது. அளவை உயர்த்தியும் வலி அசையாமல் மயக்கம் மட்டும் கூடினால், அந்த வலிக்கு வேறு வழி தேட வேண்டும் என்று பொருள்.

அடிமையாதல் எது, எது அல்ல

மார்பின் என்றதும் 'போதைக்கு அடிமையாகிவிடுவாரே' என்ற கேள்வி வருகிறது. மூன்று தனித்தனி நிலைகள் இந்த ஒரு சொல்லுக்குள் கலந்துவிடுகின்றன.

முதலாவது, உடல் மருந்துக்குப் பழகுவதால் அதே பலனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவது. இரண்டாவது, உடல் சார்ந்திருத்தல். சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தவருக்கு மருந்தைத் திடீரென நிறுத்தினால் கொட்டாவி, வியர்வை, மூக்கில் நீர் வடிதல், வயிற்றுப்போக்கு, படபடப்பு ஆகியவை வரும். மார்பினைத் தொடர்ந்து எடுக்கும் எவருக்கும் இது நேரும். இது நோயுமல்ல, ஒழுக்கக் குறையுமல்ல. ஸ்டீராய்டு மாத்திரையையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளையும் இதுபோலவே திடீரென நிறுத்தக் கூடாது. மூன்றாவதுதான் அடிமையாதல். வலி இல்லாதபோதும் மனம் மருந்தை நாடுவது, தீங்கு நேர்கிறது என்று தெரிந்தும் விட முடியாமல் போவது, வேலையையும் குடும்பத்தையும் விட மருந்தே பெரிதாவது ஆகியவை அதன் குறிகள். முறையாக அளவு பார்த்து, கண்காணிப்போடு மார்பின் எடுக்கும் புற்றுநோயாளிகளிடம் இந்த மூன்றாவது நிலை அரிது. மருந்து அவர்களை உலகத்திலிருந்து விலக்குவதில்லை; உட்கார்ந்து சாப்பிடவும் பேசவும் வைக்கிறது.

மேலே சொன்ன பெண்ணின் கதையே இதற்கு ஒரு சான்றாக அமையும். அவருக்கு முதுகெலும்பில் கதிர்வீச்சு தரப்பட்டு மூன்று வாரத்தில் வலி வெகுவாகக் குறைகிறது. அதே 60 மி.கி. இப்போது அவருக்கு அதிகம். பகலில் தூக்கம் தள்ளுகிறது. மருத்துவர் சில நாளுக்கு ஒருமுறை கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று குறைத்து வேளைக்கு 7.5, பிறகு 5 என்று இறக்குகிறார். வலி திரும்பவில்லை, உடல் நடுக்கமோ ஏக்கமோ இல்லை. வலி ஏறினால் அளவு ஏறும், வலி இறங்கினால் அளவு இறங்கும்.

வலி அடங்காத நோயாளி அடுத்த மாத்திரை எப்போது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், கூடுதலாகக் கேட்பார், கிடைக்காவிட்டால் எரிச்சல்படுவார். இதைப் பார்த்து 'பழகிவிட்டார்' என்று வீட்டில் அளவைக் குறைத்துவிடுவதுண்டு. போதுமான அளவு தந்ததும் இந்த நடத்தை மறைந்துவிட்டால், அவர் தேடியது வலியிலிருந்து விடுதலையைத்தான்.

இந்தியாவில் இந்த அச்சத்துக்குச் சட்டமும் துணை போனது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்பின் வைத்திருக்கப் பல உரிமங்களைக் கேட்டது. சிறு எழுத்துப் பிழைக்குக்கூடத் தண்டனை வருமோ என்று பயந்து மருத்துவமனைகள் அதை வாங்குவதையே நிறுத்தின. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் சகாக்களும் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, ஏழை நோயாளிகளின் வீட்டுக்கே மார்பின் மாத்திரைகளைக் கொடுத்தனுப்பியது. அங்கு இரண்டு ஆண்டுகளில் சிகிச்சை பெற்ற 1,700-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 'லான்செட்' இதழில் 2001-இல் வெளியான கட்டுரை, மருந்து கள்ளச் சந்தைக்குப் போனதாகவோ தவறாகப் பயன்பட்டதாகவோ ஒரு நிகழ்வுகூடக் கண்டறியப்படவில்லை என்றது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்பின் உள்ளிட்ட ஆறு இன்றியமையா மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே நடைமுறை வந்தது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை மார்பினை இருப்பு வைத்து வழங்கலாம்.

எதிர்த் திசையிலும் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் 1996-இல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் மாத்திரை, முதுகுவலி போன்ற நாட்பட்ட வலிகளுக்கும் தாராளமாக எழுதப்பட்டது. மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைப் பற்றி 1980-இல் வெளியான ஒரு சிறு கடிதம், அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாக எங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. விளைவு பேரழிவு. அந்த மருந்தை விற்ற நிறுவனம் 2007-இலும் 2020-இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. எனவே புற்றுநோயாளிகளிலும் முன்பு மது அல்லது போதைப் பழக்கம் இருந்தவர்கள், நோய் குணமாகி நெடுங்காலம் வாழப்போகிறவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் தேவை. அவர்களுக்கும் வலி மருந்து மறுக்கப்படுவதில்லை. குறைந்த நாளுக்கான மாத்திரைகளைக் கொடுத்து, அடிக்கடி பார்த்து, பொறுப்பான ஒருவர் கையில் மருந்தை ஒப்படைப்பார்கள்.

முதல் நாளிலேயே மலமிளக்கி

குமட்டல் விலகும், தூக்கக் கலக்கம் விலகும், மலச்சிக்கல் விலகாது. குடல் மார்பினுக்குப் பழகுவதே இல்லை என்று சொல்லலாம். மார்பின் குடல் சுவரின் நரம்புகளில் பொருந்தியதும் மலத்தை முன்னோக்கித் தள்ளும் அலை அசைவு தளர்கிறது. குடலில் சுரக்கும் நீர் குறைகிறது. மலம் நெடுநேரம் தங்குவதால் இருக்கும் நீரும் உறிஞ்சப்பட்டு அது கல்லாகிறது. ஆசனவாய்ச் சுருக்குத் தசையும் இறுகுகிறது. படுக்கையில் கிடப்பது, உணவும் நீரும் குறைவது ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. மலச்சிக்கல் தாங்காமல் மார்பினையே நிறுத்திவிட்டு வலிக்குத் திரும்பும் நோயாளிகள் உண்டு.

ஆகவே மலச்சிக்கல் வந்த பிறகு மருந்து தேடுவதில்லை. முதல் மார்பின் மாத்திரை எழுதும் சீட்டிலேயே மலமிளக்கியும் இருக்க வேண்டும். குடலின் அசைவைத் தூண்டும் வகையே முதல் தேர்வு: பைசகோடில் 5 மி.கி. மாத்திரை இரவில் ஒன்று அல்லது இரண்டு, அல்லது நிலாவரை இலையிலிருந்து எடுத்த சென்னா மாத்திரை. இரவில் எடுத்தால் காலையில் வேலை செய்யும். அது போதாவிட்டால், மலத்தில் நீரைத் தக்கவைக்கும் லாக்டுலோஸ் திரவமோ நீரில் கலக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியோ சேர்க்கப்படும். மார்பின் அளவு ஏறும்போதெல்லாம் மலமிளக்கியின் அளவையும் பார்க்க வேண்டும்.

முன்பு சொன்ன பெண்ணுக்கு முதல் இரவிலேயே பைசகோடில் இரண்டு மாத்திரை தரப்பட்டது. இரண்டு நாள் மலம் போகவில்லை. மூன்றாம் நாள் இரவு மருத்துவர் அதை மூன்றாக்கி, லாக்டுலோஸ் 15 மி.லி. சேர்த்தார். நான்காம் நாள் காலை மலம் போனது. இலக்கு நாள்தோறும் போக வேண்டும் என்பதல்ல. இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது முக்காமல், மென்மையாகப் போக வேண்டும். வலி எழுதும் நோட்டிலேயே மலம் போன நாளையும் குறித்து வந்தால் மறதிக்கு இடமில்லை. 'சரியாகத்தான் சாப்பிடவில்லையே, மலம் எங்கிருந்து வரும்' என்று விட்டுவிடக் கூடாது. உணவு இல்லாவிட்டாலும் குடலின் சுரப்பும் உதிரும் செல்களும் சேர்ந்து மலம் உருவாகிக்கொண்டுதான் இருக்கும்.

வீட்டு வைத்தியமாகப் பலர் நாடும் இசப்கோல் இங்கு பொருந்தாது. அது தண்ணீரை இழுத்து ஊதி, மலத்தின் பருமனைக் கூட்டும். நன்றாக அசையும் குடலுக்கு அது உதவும். மார்பினால் தளர்ந்த குடலில், அதுவும் தண்ணீர் அதிகம் குடிக்க முடியாதவருக்கு, அது கெட்டித்து அடைப்பாக மாறக்கூடும். வாழைப்பழம், உலர் திராட்சை, வெந்நீர் ஆகியவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் அவை மலமிளக்கி மாத்திரைக்கு மாற்றாகா. மேற்கத்தியக் கழிப்பறையில் உட்காருபவருக்குக் கால்களுக்குக் கீழ் ஒரு சிறு பலகையை வைத்து முழங்காலை உயர்த்தினால் மலம் எளிதாக இறங்கும்.

மூன்று நாள் மலம் போகாவிட்டால் செவிலியரோ மருத்துவரோ ஆசனவாயைப் பரிசோதித்து, கெட்டி மலம் இருந்தால் குளிகையோ எனிமாவோ வைப்பார்கள். கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் இதை வீட்டில் தாமாகச் செய்யக் கூடாது. சிறு கீறலும் தொற்றுக்கு வழியாகும்.

அடிக்கடி ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. பல நாள் மலம் போகாதவருக்குத் திடீரென நீராக, சிறிது சிறிதாக, தன்னையறியாமல் கசியத் தொடங்கும். பேதியாகிறது என்று எண்ணிக் குடும்பம் மலமிளக்கியை நிறுத்திவிடும். பேதியை நிறுத்தும் மாத்திரையும் கொடுக்கும். உண்மையில் மலக்குடலில் கெட்டி மலம் அடைத்திருக்க, மேலே தேங்கிய நீர் மட்டும் அதைச் சுற்றி வழிகிறது. முன்பு சில நாள் மலம் போகாமல் இருந்ததா என்ற ஒரு கேள்வியே இதைக் காட்டிக்கொடுக்கும். மாறாக, வயிறு உப்பி, வாந்தி தொடர்ந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது குடலைத் தூண்டும் மாத்திரை கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின்

அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் வலியின் போக்கு வேறு. அது முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருந்து, பிறகு நாளுக்கு நாள் இறங்கும். எனவே அங்கு ஓபியாய்டு சில நாளுக்கான மருந்து. அடித்தளமாக இருப்பவை நேரந்தவறாமல் தரும் பாராசிட்டமாலும், சிறுநீரகமும் இரைப்பையும் இடம் கொடுத்தால் அழற்சி நீக்கும் மாத்திரையும். அவற்றுக்கு மேல் எஞ்சும் வலிக்கே டிராமடாலோ மார்பினோ தரப்படும். வலி இறங்கும்போது முதலில் நிறுத்தப்படுவதும் ஓபியாய்டுதான்.

மருந்தை மறுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதிலும் ஆபத்து இருக்கிறது. வயிற்றிலோ மார்பிலோ தையல் போட்டவர் வலிக்குப் பயந்து இருமாமல், ஆழ்ந்து மூச்சு விடாமல் இருந்தால் நுரையீரலில் சளி தேங்கித் தொற்று வரும். எழுந்து நடக்காமல் இருந்தால் கால் சிரைகளில் ரத்தம் உறையலாம். நடக்கவும் இருமவும் முடியும் அளவுக்கு வலி தணிய வேண்டும் என்பதே இங்கு அளவுகோல். டிராமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த கூட்டு மாத்திரை பரவலாக எழுதப்படுவதால், தனியாகவும் பாராசிட்டமால் எடுப்பவர் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராம் உச்ச வரம்பு; மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் பாதித்தவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மலமிளக்கி இங்கும் வேண்டும். முக்கினால் தையல் இழுக்கும். குடலில் அறுவை நடந்திருந்தால் மட்டும் அதை எப்போது தொடங்குவது என்பதை அறுவை மருத்துவரே முடிவு செய்வார்.

வீட்டில் வைத்திருக்கும்போது

தட்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் விழிக்காமை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, குண்டூசி முனைபோல் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு: இவை மிகையளவின் குறிகள். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நலாக்சோன் ஊசி மார்பினின் வேலையை நிமிடங்களில் முறிக்கும். மது, தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை ஆகியவை மார்பினோடு சேரும்போது இந்த ஆபத்து பன்மடங்காகும். குறட்டையோடு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு உள்ளவர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு வேளை மருந்து மறந்துபோனால் நினைவு வந்ததும் அந்த ஒரு வேளையை எடுக்கலாம்; அடுத்த வேளைக்கான நேரம் நெருங்கிவிட்டால் அதை விட்டுவிட்டு வழக்கம்போல் தொடர வேண்டும். இரண்டு வேளையைச் சேர்த்து எடுக்கக் கூடாது.

மார்பின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற புற்றுநோய் மருத்துவமனைகளிலும், வலி மற்றும் ஆதரவு சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைகளிலும் மருத்துவர் சீட்டின் பேரில் வழங்கப்படும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே சென்று தரும் ஆதரவு சிகிச்சையும் ஓர் அங்கம். நோயாளியால் வர முடியாவிட்டால் மருந்து வாங்க யார் வரலாம், என்ன ஆவணம் வேண்டும் என்பதை முதல் நாளிலேயே மருத்துவமனையில் கேட்டு வைத்துக்கொண்டால், மாத்திரை தீரும் நாளில் அலைச்சல் இராது. மாத்திரை தீர்வதற்கு நான்கைந்து நாள் முன்பே அடுத்ததை வாங்க வேண்டும், ஏனெனில் இடையில் நின்றால் வலியும் திடீர் நிறுத்தத்தின் தொல்லையும் சேர்ந்தே வரும்.

வீட்டில் மாத்திரைகள் பூட்டிய பெட்டியில், குழந்தைகளுக்கு எட்டாமல் இருக்க வேண்டும். ஒருவருக்கு எழுதிய மார்பினை வேறு எவருக்கும், அவர் எவ்வளவு வலியில் இருந்தாலும், கொடுக்கக் கூடாது; பழகிய உடலுக்கு மருந்தாகும் அளவு பழகாத உடலை நிலைகுலைத்துவிடும். பயன்படுத்திய ஃபென்டனில் பட்டையிலும் கணிசமான மருந்து மிச்சமிருக்கும் என்பதால் ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துப் பத்திரமாக வைக்க வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகோ நோயாளி இறந்த பிறகோ மிஞ்சும் மாத்திரைகளையும் பட்டைகளையும் குப்பையில் போடாமல், வாங்கிய மருத்துவமனையிலேயே எண்ணிக் கொடுத்து, ஒப்படைத்ததைப் பதிவு செய்துவிட்டு வர வேண்டும்.